மூன்று பேர் எழுதினாலும் ஒரே கடை பேச வேண்டும்: குரல் கையேடு எழுதுவது எப்படி

ஒரே கடையின் சமூக ஊடகப் பக்கத்தில் ஒரே வாரத்தில் வந்த மூன்று பதிவுகளைப் பாருங்கள்.

திங்கள்கிழமை: “அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். எங்கள் நிறுவனத்தில் புதிய வகை நோட்டுப் புத்தகங்கள் வந்துள்ளன என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக் கொள்கிறோம்.”

புதன்கிழமை: “மக்களேஏஏ!!! செம்ம அழகா பேனா வந்திருக்கு, ஓடி வாங்க, அப்புறம் சொல்லலைனு சொல்லாதீங்க!!!”

சனிக்கிழமை: “ஸ்டாக் அவைலபிள். தேவைப்படுவோர் மெசேஜ் செய்யவும்.”

நோட்டு, பேனா, காகிதம் விற்கிற சின்னக் கடை அது. எழுதியவர்கள் மூன்று பேர்: கடைக்காரர், அவருடைய தங்கை, கவுண்டரில் நிற்கிற பையன். தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் பதிவிலும் பெரிய குற்றம் இல்லை. மூன்றையும் அடுத்தடுத்துப் படிக்கிறவருக்குத்தான் குழப்பம்: ஒரு அரசு அறிவிப்பு, ஒரு கல்லூரிப் பெண், ஒரு தந்தி, மூன்றும் மாறி மாறிப் பேசுவது போல இருக்கும். அந்தக் கடைக்கு எழுத்து வேலை பார்க்கப் போனபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை புதிதாகப் பதிவு எழுதுவதல்ல, இந்த மூன்று பேரையும் ஒரு மேசையில் உட்கார வைத்து ஒரு பக்கத்தில் ஒரு ஒப்பந்தம் எழுதுவது. அந்த ஒப்பந்தத்தைத்தான் பிராண்ட் வாய்ஸ் கைடு என்கிறார்கள். குரல் கையேடு என்று வைத்துக்கொள்வோம். லோகோ எந்த நிறம், எந்த நாளில் எந்தப் பதிவு என்பதெல்லாம் அதில் வராது. கடை வாயைத் திறந்தால் எப்படிப் பேசும் என்பது மட்டும்தான்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம், எல்லோரும் கேட்பது இது: எப்போதும் ஒரே மாதிரி பேசினால் சலித்துவிடாதா, புது நோட்டு வந்ததைச் சொல்வதும் பார்சல் தாமதமானதைச் சொல்வதும் ஒன்றா? ஒன்றல்ல. உங்கள் அண்ணன் போன் செய்து நல்ல செய்தி சொன்னாலும் கெட்ட செய்தி சொன்னாலும் “ஹலோ” என்றதுமே அவர்தான் என்று தெரிந்துவிடுகிறது இல்லையா, அது குரல். செய்திக்கு ஏற்ப அவர் பேச்சு ஏறி இறங்குகிறதே, அது தொனி. கையேடு குரலைப் பிடித்து வைக்கிறது, தொனி எவ்வளவு தூரம் நகரலாம் என்பதற்கு எல்லை போடுகிறது.

இதைக் கொஞ்சம் கைக்கு அகப்படும்படி செய்ய ஒரு வழி இருக்கிறது. நீல்சன் நார்மன் குரூப் என்ற ஆய்வு நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், எழுத்தின் தொனியை நான்கு அளவுகோல்களில் வைத்துப் பார்க்கிறார்கள்: வேடிக்கையா தீவிரமா, சகஜமா சம்பிரதாயமா, பணிவா குறும்பா, துள்ளலா நிதானமா. நாங்கள் இதை ஒரு தாளில் நான்கு கோடாக வரைந்தோம். புது சரக்கு வந்த செய்திக்கு எங்கே நிற்போம், தாமதச் செய்திக்கு எங்கே நிற்போம் என்று ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு புள்ளி வைத்தோம். வேடிக்கைக் கோட்டிலும் துள்ளல் கோட்டிலும் புள்ளிகள் நன்றாகத் தள்ளி விழுந்தன. சகஜம், பணிவு இரண்டிலும் புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருந்தன. நகராமல் நின்ற அந்த இரண்டும்தான் கடையின் குரல் என்று அங்கேயே தெரிந்துபோனது. நகர்ந்தவை தொனி.

பெயரடைகளை மட்டும் எழுதி வைத்தால் என்ன ஆகும்

அந்தக் கடையில் எனக்கு முன்பே ஒரு கையேடு இருந்தது. கடைக்காரர் ஒரு வரி எழுதி கவுண்டருக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்: “நட்பாகவும் மரியாதையாகவும் எழுதவும்.” மூன்று பேருமே அதைக் கடைப்பிடித்தார்கள் என்பதுதான் வேடிக்கை. “அன்பார்ந்த” என்று தொடங்குவதுதான் கடைக்காரருக்கு நட்பு. “மக்களேஏஏ” என்பது தங்கைக்கு நட்பு. பையனைக் கேட்டால், சுருக்கமாகச் சொல்லி அவர்கள் நேரத்தை வீணாக்காமல் இருப்பதே மரியாதை என்றான், அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நட்பு, நம்பிக்கை, தரம் போன்ற சொற்களுக்கு ஆளுக்கு ஒரு அர்த்தம் உண்டு. அதனால் ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் அது எங்கே நிற்க வேண்டும் என்று வேலி போட்டாக வேண்டும், வேலிக்குப் பக்கத்தில் ஒரு உதாரண வாக்கியமும் வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது பழைய பதிவுகளை எடுப்பது. இருபது பதிவு, பத்து பதில் போதும். பதிலை விட்டுவிடாதீர்கள், பதிவை யோசித்து எழுதுகிறவர்கள் கூட பதிலில் தங்கள் சொந்தக் குரலுக்குத் திரும்பிவிடுவார்கள், உண்மையான வித்தியாசம் அங்கேதான் கிடக்கும். அத்தனையையும் அச்செடுத்து, எழுதியது யார் என்று சொல்லாமல், ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்க வேண்டும். கண்ணால் படிக்கும்போது தப்பித்துக்கொள்கிற வாக்கியம் வாயில் வைத்ததும் மாட்டிக்கொள்ளும். கடைக்காரர் எழுதிய “தெரிவித்துக் கொள்கிறோம்” வரியைத் தங்கை வாசித்தபோது அவரே சிரித்துவிட்டார். கவுண்டரில் வருகிறவரிடம் அவர் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

வாசித்துக்கொண்டே நான்கு விஷயங்களை மட்டும் பேனாவால் வட்டமிட்டோம்: வினைமுற்று எப்படி முடிகிறது, கடை தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறது, படிக்கிறவரை எப்படிக் கூப்பிடுகிறது, எந்த ஆங்கிலச் சொல் எப்படி எழுதப்படுகிறது. வேறு மொழியில் எழுதுகிற கடைக்கு இந்தப் பட்டியல் வேறாக இருக்கும். தமிழில் எழுதினால் சண்டை பெரும்பாலும் இந்த நான்கில்தான்.

வந்துள்ளது, வந்திருக்கிறது, வந்திருக்கு, வந்தாச்சு

ஒரே சேதிக்கு இருபது பதிவில் நான்கு வடிவம் இருந்தது. நான்கும் சரியான தமிழ்தான், ஆனால் நான்கும் வெவ்வேறு ஆட்கள். “வந்துள்ளது” அறிவிப்புப் பலகை. “வந்திருக்கிறது” புத்தகம். “வந்திருக்கு” எதிரில் நிற்கிறவரிடம் சொல்வது. “வந்தாச்சு” உள்ளே இருந்து கையை உயர்த்திக் கத்துவது. பதிவுக்குப் பதிவு இது மாறினாலே வாசகருக்கு ஆள் மாறிவிடுகிறது. ஒரே பதிவுக்குள் “வந்துள்ளது” என்று தொடங்கி “வாங்கிக்கோங்க” என்று முடிந்தால் இன்னும் மோசம், பாதி வழியில் யாரோ மைக்கைப் பிடுங்கினது போல இருக்கும்.

கடைக்காரர் பேச்சுத்தமிழ் வேண்டாம், மரியாதைக் குறைவாகத் தெரியும் என்றார். அவருடைய பயம் புரிகிறது. ஆனால் “வாருங்கள்” என்பதிலும் “வாங்க” என்பதிலும் மரியாதை ஒன்றுதான், அது அந்தப் பன்மையில் இருக்கிறது, கடைசி “ள்” எழுத்தில் இல்லை. கடைசியில் ஒரு நடுவழிக்கு வந்தோம். வினைச்சொல்லும், “நீங்க, நாங்க” இரண்டும் பேச்சு வடிவில் வரும். பெயர்ச்சொல், வேற்றுமை எல்லாம் எழுத்து வடிவில் இருக்கும். அதாவது “கடையில் இருக்கு” என்று எழுதுவோம், “கடைல இருக்கு” என்று எழுத மாட்டோம். “உங்கள் ஆர்டர்”, “உங்க ஆர்டர்” அல்ல. இது கலப்படமாகச் சிலருக்குப் படலாம், எனக்கு இதுதான் சௌகரியமாகப் படுகிறது: படிக்கும்போது பேச்சு போலக் கேட்கிறது, பார்க்கும்போது எழுத்துப்பிழை போலத் தெரிவதில்லை. உங்கள் கடைக்கு முழு எழுத்துத் தமிழ்தான் பொருந்தும் என்றால் அதுவும் சரிதான், எதைத் தேர்ந்தாலும் அதில் நில்லுங்கள்.

பேச்சுத்தமிழைத் தேர்ந்தால் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது, பலர் இங்கேதான் வழுக்குவார்கள். பேச்சுக்கு ஒத்துக்கொண்ட எழுத்துக்கூட்டல் கிடையாது. “வச்சிருக்கோம், வெச்சிருக்கோம், வைச்சிருக்கோம்” மூன்றும் ஓடும். அதனால் கடை அடிக்கடி பயன்படுத்துகிற வினைகளை ஒரு பன்னிரண்டு எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே கூட்டல் என்று எழுதி வைத்துவிட வேண்டும். இருக்கு, வந்திருக்கு, வச்சிருக்கோம், வாங்க, பாருங்க, சொல்லுங்க, கிடைக்கும், அனுப்பிடறோம், தீர்ந்துபோச்சு, இந்த மாதிரி. “வந்தாச்சு” தலைப்பு வரிக்கு மட்டும். “வந்துள்ளது” எங்குமே கிடையாது. கடைக்காரருக்காக ஒரு விலக்கு வைத்தோம்: பில்லின் பின்பக்கத்தில் இருக்கிற மாற்றித் தரும் விதிகள் முழு எழுத்துத் தமிழில் இருக்கும், ஏனென்றால் அது பேச்சல்ல, நிபந்தனை.

நாங்களா, நாமா

தமிழ் நமக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிற வசதி இது, கையேடுகளில் யாரும் எழுதி வைப்பதில்லை. “நாங்கள்” என்றால் கேட்கிறவர் வெளியே. “நாம்” என்றால் கேட்கிறவரும் உள்ளே. “நம்ம கடை” என்று எழுதும்போது வாடிக்கையாளரைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் அழைத்துக்கொள்கிறோம், அது நல்ல கணத்தில் இனிக்கும். தங்கைக்கு அது பழக்கம், எல்லாப் பதிவிலும் “நம்ம”தான்.

அப்படி எழுதிப் பழகியதில் ஒருமுறை பார்சல் சிக்கல் பற்றி வந்த புகாருக்கான பதிலிலும் “நம்ம பக்கம் சின்னத் தவறு நடந்துடுச்சு” என்று போட்டுவிட்டார். காசு கொடுத்து காத்திருந்தவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? தவறில் அவருக்கும் பங்கு வைத்தது போல. அவர் பதிலுக்குக் கேட்டது ஒரு வரிதான்: “நம்ம பக்கமா?”

அதனால் விதி இப்படி ஆனது. சேர்ந்து அனுபவிக்கிற விஷயத்துக்கு “நம்ம”, நம்ம கடை என்பது போல. பொறுப்பு, வாக்குறுதி, மன்னிப்பு மூன்றுக்கும் “நாங்க, எங்கள்”. தனி ஆள் நடத்துகிற கடையாக இருந்தால் “நான்” என்றே எழுதலாம். ஒரே ஆள் இருந்துகொண்டு “எங்கள் குழு” என்று எழுதுவதை வாசகர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கூப்பிடுவதற்கான விதி சின்னது. பதிவில் “மக்களே, நண்பர்களே, வாடிக்கையாளர்களே” எதுவும் வேண்டாம், நேராக விஷயத்தில் தொடங்கி “நீங்க” என்று பேசினால் போதும். பதிலில் “சார், மேடம், அண்ணா, அக்கா” வேண்டாம், ஏனென்றால் எதிரில் இருப்பவர் யாரென்று பெயரையும் படத்தையும் வைத்து ஊகித்துத்தான் எழுதுகிறோம், ஊகம் தவறினால் அந்த ஒரு சொல்லே பதிலைக் கெடுத்துவிடும். கவுண்டரில் நேரில் பேசும்போது பையன் எப்படி வேண்டுமானாலும் அழைக்கட்டும், அது வேறு கணக்கு.

ஆங்கிலச் சொற்களுக்கு நான் கொள்கை எதுவும் வைத்துக்கொள்வதில்லை, வாடிக்கையாளர் அனுப்பிய செய்திகளைப் புரட்டிப் பார்ப்பேன். அவர்கள் “ஸ்டாக் இருக்கா” என்று கேட்டால் ஸ்டாக். “நோட்டு” என்று கேட்டால் நோட்டு, குறிப்பேடு அல்ல. “தள்ளுபடி” என்று கேட்டால் தள்ளுபடி. அப்புறம் ஒரு சொல்லுக்கு ஒரு கூட்டல்: ஆஃபரா ஆபரா, வாட்ஸ்அப்பா வாட்சப்பா என்று ஒருமுறை முடிவு செய்து எழுதி வைத்தால் தீர்ந்தது.

“ஆனால்” என்ற வேலி

இப்போது பெயரடைகளுக்கு வரலாம். மூன்றுக்கு மேல் வேண்டாம், நான்காவது யார் நினைவிலும் நிற்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு “ஆனால்” போட வேண்டும், அந்த “ஆனால்” எச்சரிக்கிற ஆபத்து உங்கள் கடையிலேயே ஏற்கெனவே நடந்ததாக இருக்க வேண்டும். எங்கள் மூன்றும் இவை: நேராகப் பேசுவோம், ஆனால் வெட்டெனப் பேச மாட்டோம். இது பையனுக்கான வேலி. கலகலப்பாக இருப்போம், ஆனால் அவசரப்படுத்த மாட்டோம். இது தங்கைக்கு. விஷயம் தெரிந்தவர் போலப் பேசுவோம், ஆனால் பாடம் நடத்த மாட்டோம். இது கடைக்காரருக்கு, காகிதத்தைப் பற்றி ஆரம்பித்தால் அவர் நிறுத்த மாட்டார்.

“விஷயம் தெரிந்தவர்” என்பதற்கு நாங்கள் எழுதி வைத்த உதாரணத்தைக் காட்டுகிறேன். வேலிக்கு வெளியே இருப்பது: “ஜிஎஸ்எம் என்றால் என்ன என்று தெரியாமலேயே பலரும் நோட்டு வாங்குகிறார்கள்.” வேலிக்கு உள்ளே இருப்பது: “அட்டையில் 100 ஜிஎஸ்எம்னு போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் தாள் 100 கிராம் எடைன்னு அர்த்தம். எண் கூடினால் தாள் பொதுவாகத் தடிமனாக இருக்கும்.” இரண்டிலும் தகவல் தெரிந்தவர்தான் பேசுகிறார், முதலாமவர் உங்களைவிட எனக்குத் தெரியும் என்கிறார், இரண்டாமவர் இந்தாங்க என்று கொடுத்துவிட்டுப் போகிறார்.

ஆச்சரியக்குறிக்கும் இமோஜிக்கும் எண்ணிக்கைதான் ஒரே வழி. “அளவாக” என்று எழுதினால் அளவு ஆளுக்கு ஆள் மாறும். பதிவுக்கு அதிகபட்சம் ஒரு ஆச்சரியக்குறி, இமோஜி இரண்டு, மன்னிப்புச் செய்தியில் இரண்டுமே கிடையாது என்று வைத்தோம். தங்கை ஒரு வாரம் முனகினார்.

சரி, இதையெல்லாம் போட்டு எழுதினால்

அந்தத் திங்கள்கிழமைப் பதிவையே எடுத்துக்கொள்வோம். புதுக் கையேட்டின்படி தங்கை எழுதியது இது:

“புது நோட்டு வந்தாச்சு! 100 ஜிஎஸ்எம் தாள். மைப்பேனாவில் எழுதிப் பார்த்தோம், பின்பக்கம் ஊறலை. கோடு போட்டது, போடாதது இரண்டும் வச்சிருக்கோம். கடைக்கு உங்கள் பேனாவைக் கொண்டு வாங்க, எழுதிப் பார்த்துட்டு எடுத்துக்கோங்க.”

“மகிழ்ச்சியுடன் தெரிவித்துக் கொள்கிறோம்” போய்விட்டது, “செம்ம அழகா” போய்விட்டது. இரண்டின் இடத்திலும் பின்பக்கம் ஊறாத மை வந்து உட்கார்ந்திருக்கிறது. குரலை ஒழுங்குபடுத்தும்போது இது தானாக நடக்கும்: அலங்காரச் சொல்லை எடுத்தால் அந்த இடம் காலியாகத் தெரியும், அதை நிரப்ப ஒரு உண்மையைத் தேடத்தான் வேண்டியிருக்கும்.

சில நாளில் ஒருவர் அந்தப் பதிவின் கீழேயே எழுதினார், நோட்டு வாங்கினேன், ஊறலைன்னு சொன்னீங்க, எனக்கு நன்றாக ஊறுகிறது, படம் பாருங்கள் என்று. கடைக்காரர் கை முதலில் போனது பழைய வழிக்குத்தான்: “தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். தாங்கள் பயன்படுத்திய பேனாவின் தன்மையைப் பொறுத்து இது மாறுபடும்.” முதல் வாக்கியம் யாருக்கும் எதற்கும் பொருந்தும், இரண்டாவது பழியை வாங்கியவர் மீது தள்ளுகிறது. கையேட்டில் கெட்ட செய்திக்கு நான்கு கேள்வி எழுதியிருந்தோம், பதில் இந்த வரிசையில் வர வேண்டும்: என்ன நடந்தது, ஏன், நாங்க என்ன செய்யப் போகிறோம், நீங்க என்ன செய்யலாம். அதை வைத்து எழுதியது:

“படம் பார்த்தோம், பின்பக்கம் நல்லாவே ஊறியிருக்கு. நாங்க மெல்லிய நிப்பில் மட்டும்தான் எழுதிப் பார்த்தோம், உங்கள் நிப் அகலமானது, மை அதிகமாக இறங்கும். பதிவில் அதைச் சொல்லாதது எங்கள் தவறு, இப்போ சேர்த்திருக்கோம். நோட்டைக் கொண்டு வாங்க, தடிமனான தாளில் மாற்றிக்கலாம், இல்லைன்னா பணத்தைத் திருப்பித் தந்துடறோம்.”

இதிலும் அதே ஆள்தான் பேசுகிறார். சகஜம் அப்படியே இருக்கிறது, “நீங்க, நாங்க” அப்படியே இருக்கிறது. துள்ளல் மட்டும் இறங்கிவிட்டது, ஆச்சரியக்குறி இல்லை, “நம்ம” இல்லை. முன்பு வரைந்த அந்த நான்கு கோடுகளில் எது நகர்ந்தது, எது நகரவில்லை என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மன்னிப்பு கேட்கும்போது மட்டும் திடீரென்று “தாங்கள், தங்களுக்கு” என்று உயரத்துக்கு ஏறுகிற கடைகளே அதிகம். படிக்கிறவருக்கு அது மரியாதையாகப் படாது, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து பேசுவது போலப் படும்.

பக்கம் எவ்வளவு நீளம், எங்கே வைப்பது

ஒரு பக்கம். உண்மையாகவே ஒரு பக்கம், போனில் மூன்று முறை தள்ளினால் முடிந்துவிட வேண்டும். பெரிய நிறுவனங்களின் கையேட்டைப் பார்த்து நாற்பது பக்கம் எழுதிய ஒரு கடையும் எனக்குத் தெரியும், எழுதியவரைத் தவிர அதை யாரும் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: மூன்று “ஆனால்” வரிகள், பன்னிரண்டு வினைகளின் கூட்டல், நம்ம/நாங்க விதி, கூப்பிடும் விதி, பதினைந்து சொற்களின் பட்டியல், ஆச்சரியக்குறி கணக்கு, கெட்ட செய்திக்கான நான்கு கேள்விகள், பிறகு புது சரக்கு, தாமதம், புகார் மூன்றுக்கும் முன்பு எழுதியது, இப்போது எழுதுவது என்று ஜோடி ஜோடியாக உதாரணம். பக்கத்தில் பாதி இடத்தை உதாரணமே பிடித்துக்கொண்டது. அது சரியான விகிதம்தான், அவசரத்தில் எழுதுகிறவர் விதியைப் படிக்க மாட்டார், உதாரணத்தைப் பார்த்து அதேபோல எழுதிவிட்டுப் போவார்.

கடைசி வரியில் ஒரு பெயர் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று. இங்கே தங்கையின் பெயர் போட்டோம், கடைக்காரரே சொன்னது அது. பக்கத்தைக் கடையின் வாட்ஸ்அப் குழுவில் பின் செய்து வைத்தார்கள்.

பதிவெல்லாம் சரியான பிறகும் ஒழுகுகிற இடங்கள் சில உண்டு. வாட்ஸ்அப் பிசினஸில் தானாகப் போகிற வரவேற்புச் செய்தி, கடை மூடியிருக்கும்போது போகிற செய்தி, குயிக் ரிப்ளையில் சேமித்து வைத்தவை, பக்கத்தின் அறிமுக வரி. என்றைக்கோ ஒருநாள் அமைத்துவிட்டு மறந்திருப்பார்கள். இந்தக் கடையில் பதிவுகள் எல்லாம் “வாங்க” என்று பேசிக்கொண்டிருக்க, இரவு ஒன்பது மணிக்கு மெசேஜ் அனுப்பினவருக்கு மட்டும் “தங்கள் தகவல் பெறப்பட்டது” என்று பதில் போய்க்கொண்டிருந்தது. கடையோடு ஒருவர் பேசுகிற முதல் வாக்கியமே பல நேரம் அதுவாகத்தான் இருக்கும், அதனால் கையேடு எழுதிய அன்றே இந்த நான்கையும் மாற்றிவிடுங்கள்.

கையேடு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்

பெயரை மறைத்துப் பார்ப்பது ஒரு வழி. உங்கள் பதிவு ஐந்து, அதே பொருளை விற்கிற வேறு கடைகளின் பதிவு ஐந்து, எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக ஒரு தாளில் கலந்து, கடையைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எவை நம்முடையவை என்று கேட்கலாம். அவர் மூன்றைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை என்றால் உங்கள் குரல் சீராக இருக்கலாம், ஆனால் யாருடையதாகவும் இருக்கலாம் என்று பொருள்.

இன்னொன்று எனக்கு அதிகம் பிடித்தது. ஒரே செய்தியை எழுதுகிறவர்கள் அத்தனை பேருக்கும் கொடுத்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்காமல், பத்து நிமிடத்தில் எழுதச் சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபடுகிற இடங்களை வட்டமிட வேண்டும். அந்த வட்டங்கள்தான் கையேட்டில் விடுபட்ட வரிகள். இதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும், புதிதாக ஒருவர் எழுத வந்தால் அன்றைக்கே செய்ய வேண்டும்.

எங்கள் முதல் சுற்றுக்குக் கொடுத்த செய்தி, நாளை முதல் கடை ஒரு மணி நேரம் முன்பே திறக்கும் என்பது. மூன்று தாளிலும் “நீங்க” இருந்தது, வினைகள் ஒன்றுபோல இருந்தன, யாரும் “தெரிவித்துக் கொள்கிறோம்” என்று எழுதவில்லை. வட்டமிட மூன்று இடம் கிடைத்தது. நேரத்தைக் கடைக்காரர் “காலை 9 மணி” என்றும் பையன் “9.00” என்றும் எழுதியிருந்தார்கள், அதற்கு ஒரு வரி சேர்த்தோம். தங்கை கடைசியில் “மறக்காதீங்க” என்று போட்டிருந்தார், அது அவசரப்படுத்துவதா இல்லையா என்று கால் மணி நேரம் பேசி, திறக்கும் நேரத்துக்கு வேண்டாம், கடைசி நாள் அறிவிப்புக்குப் போடலாம் என்று முடிவாயிற்று. மூன்றாவது, கடைக்காரர் “நாளை முதல்” என்றும் தங்கை “நாளையிலிருந்து” என்றும் எழுதியிருந்தது. இதற்கும் ஒரு விதி எழுதலாமா என்று பையன் கேட்டான். இரண்டையும் சத்தமாக வாசித்துப் பார்த்தோம், ஆள் மாறியது போல யாருக்கும் கேட்கவில்லை. அந்த வட்டத்தை அப்படியே அடித்துவிட்டோம்.